‘சாயங்காலத்துக்குள்ள’ என்றால் எத்தனை மணி?

கோயம்புத்தூரில் மூன்று பேர், பெர்லினில் இரண்டு பேர். ஐவரும் தமிழர்கள். இணையக் கடைகளில் பணம் கட்டும் பக்கத்துக்கான மென்பொருளைப் பராமரிப்பது அவர்கள் வேலை. யாரும் அலுவலகத்துக்குப் போவதில்லை. எல்லாப் பேச்சும் குழு சாட்டில்தான். அந்தக் குழுவுக்கு நான் ஆவணங்கள் எழுதித் தருகிறேன். ஒருநாள் வேலை நேரத்தைப் பற்றிச் சாட்டில் ஒரு சின்ன உரசல் வந்தது. “இதையெல்லாம் ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துடுங்க, இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்” என்று குழுத் தலைவி கேட்டார்.

சாட்டில் இருந்தது இவ்வளவுதான்:

“நான் பத்து மணிக்கு வந்துடுவேன், முன்ன பின்ன ஆகும்.”
“மூணேகாலுக்குப் பையனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். ஆனா போன் கையிலதான் இருக்கும்.”
“வெள்ளிக்கிழமை கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.”
“நான் ராத்திரி மெசேஜ் போட்டா உடனே பதில் வேணும்னு அர்த்தம் இல்லண்ணா.”
“சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்.”
“அவசரம்னா கூப்பிடுங்க.”
“சனிக்கிழமை தேவைப்பட்டா பார்க்கலாம்.”

ஏழு வரிகளையும் நல்ல தமிழில் திருத்திக் கோத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்ததும் கை நின்றுவிட்டது. இவற்றில் குழுவாகச் சேர்ந்து எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. முதல் இரண்டும் தன் நாள் எப்படிப் போகும் என்று ஒவ்வொருவர் சொன்ன தகவல். மூன்றாவது மனக்குறை. நான்காவது ஒருவர் தன்னைப் பற்றித் தரும் உறுதி. ஐந்தாவது வேண்டுகோள். ஒருவருடைய மனக்குறையை எடுத்து “அன்றே பதில் தர வேண்டும்” என்று எழுதினால், யாரும் ஒத்துக்கொள்ளாத விதியை நானே உண்டாக்கியவனாவேன். அதனால் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்வியை எழுதி, அந்த வரியைச் சொன்னவரிடமே கேட்டேன்.

‘போன் கையிலதான் இருக்கும்’ என்றவரிடம், அந்த ஒரு மணி நேரம் பதில் எதிர்பார்க்கலாமா என்று கேட்டேன். “ஐயோ, வண்டி ஓட்டிட்டு இருப்பேன்” என்றார். யாரும் தன்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் அதைச் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட வரிகளில் இருப்பது வருத்தம் தெரிவிக்கும் தொனி. மற்றவர்களோ அதை வாக்குறுதியாகப் படித்திருந்தார்கள்.

‘சாயங்காலத்துக்குள்ள’ இன்னும் சிக்கலாக இருந்தது. சொன்னவர் பெர்லின்காரர். அவருடைய சாயங்காலம் ஐந்தரை மணி. கோடையில் அப்போது கோவையில் இரவு ஒன்பது. கோவைக்காரர்கள் ஏழு மணிக்கே வேலையை முடித்துவிடுகிறார்கள். அதோடு ‘ஒரு வார்த்தை’ என்பது முழுப் பதிலா, ‘பார்த்துவிட்டேன், நாளை சொல்கிறேன்’ என்ற ஒற்றை வரியா? ஒற்றை வரி போதும் என்றார் அவர். பாதி உரசல் அங்கேயே அடங்கிவிட்டது. முழுப் பதிலுக்கு நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும்; செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல்தான் தவித்திருக்கிறார்.

அடுத்து, எல்லோரும் ஒரே சமயத்தில் இருக்கும் நேரம். இந்தியாவில் கடிகாரம் ஆண்டு முழுக்க ஒன்றுதான். ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி வைக்கிறார்கள். ஆகவே கோவைக்கும் பெர்லினுக்கும் இடையே கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. குழுத் தலைவி முதலில் சொன்னது கோவை நேரம் ஒரு மணி முதல் ஐந்து வரை. கோடையில் அது பெர்லினில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும், சரி. நவம்பரில் எட்டரை ஆகிவிடும். ஒன்பதுக்கு வேலை தொடங்குபவர் அதற்கு எப்படி வருவார்? இரண்டு முதல் ஆறு என்று மாற்றினோம். பெர்லினில் கோடையில் பத்தரை முதல் இரண்டரை, குளிரில் ஒன்பதரை முதல் ஒன்றரை. இரண்டு பருவத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அதற்குள்தான் பள்ளிக்கூட நேரமும் பெர்லின்காரர்களின் மதியச் சாப்பாடும் வருகின்றன. இரண்டுக்கும் முன்னால் மிஞ்சுவது முதல் ஒரு மணி நேரம். கூட்டங்களை அந்த இரண்டு முதல் மூன்றுக்குள் வைத்துக்கொள்வதாக ஐவரும் ஒப்புக்கொண்டார்கள்.

‘அவசரம்னா கூப்பிடுங்க’ என்பதில் அவசரம் எது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டபோது ஐந்து பேர் ஐந்து பதில் சொன்னார்கள். கடைசியில் ஒரே நிலைமையில் வந்து நின்றார்கள்: வாடிக்கையாளரால் பணம் கட்ட முடியவில்லை என்றால் அவசரம், மற்றது எதுவும் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்பதற்கு வார முறை வைத்தார்கள். இதில் பெர்லின் பக்கம் சட்டமும் குறுக்கே வருகிறது. ஜெர்மனியின் வேலை நேரச் சட்டப்படி ஒரு நாள் வேலை முடிந்து அடுத்தது தொடங்க இடையறாத 11 மணி நேர ஓய்வு வேண்டும். இரவு பதினொன்று வரை பழுது பார்த்தவரை மறுநாள் ஒன்பதுக்கு எதிர்பார்க்கக் கூடாது, பத்துக்குத்தான். அந்த வரியும் பக்கத்தில் ஏறியது.

முடிவில் எழுதியது இது:

“கோவையில் வேலை நேரம் காலை 10 முதல் மாலை 7. பெர்லினில் அங்குள்ள நேரப்படி காலை 9 முதல் மாலை 5.30. இந்திய நேரம் பிற்பகல் 2 முதல் 6 வரை பொது நேரம். கூட்டங்கள் 2 முதல் 3-க்குள் மட்டும். பொது நேரத்தில் வெளியே போகிறவர் தன் நாட்காட்டியில் அதை மறைத்து வைப்பார். அப்போது அவரிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. பெயர் குறிப்பிட்டு அனுப்பிய செய்திக்கு, பெறுபவரின் வேலை நேரக் கணக்கில் 4 மணி நேரத்துக்குள் ‘பார்த்தேன், இப்போது பதில் தருகிறேன்’ என்று நேரத்தோடு ஒரு வரி வரும். வேலை நேரத்துக்கு வெளியே வந்த செய்தி, பெறுபவரின் அடுத்த வேலை நாள் தொடங்கும்போது வந்ததாகக் கணக்கு. வாடிக்கையாளர் பணம் கட்ட முடியாத நிலையில் மட்டும் அந்த வாரப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இரவில் வேலை பார்த்தவர் முடித்ததிலிருந்து 11 மணி நேரம் கழித்தே தொடங்குவார்.”

ஓய்வு விதி பெர்லின் சட்டத்தால் வந்தது. ஐவருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் கோவைக்காரர்கள்.

படித்ததும் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. உரசலுக்குக் காரணமான அதே வெள்ளிக்கிழமைச் செய்தியை எடுத்து இந்தப் பக்கத்தின்படி ஓட்டிப் பார்த்தோம். பெர்லினிலிருந்து கோவைக்கு வந்தது மாலை 6.40. அன்று மிச்சம் இருபது நிமிடம். பாக்கி மூன்று மணி நாற்பது நிமிடம் திங்கள் பத்து மணிக்குத் தொடங்குகிறது. ஆக, அந்த ஒற்றை வரிக்கான கெடு திங்கள் பிற்பகல் 1.40. பெர்லின்காரர் திகைத்துப் போனார். நாலு மணி நேரம் என்று படித்தபோது வெள்ளி இரவுக்குள் வந்துவிடும் என்றே அவர் மனத்தில் ஓடியிருக்கிறது. விதியை மாற்றலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வேண்டாம், நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே கேட்டுடறேன்” என்றார்.

கடைசி வரி மட்டும் பக்கத்தில் ஏறவில்லை. ‘சனிக்கிழமை தேவைப்பட்டா பார்க்கலாம்.’ நம் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்பது சம்மதமாகவும் இருக்கும், நாசூக்கான மறுப்பாகவும் இருக்கும். சொன்னவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் “பார்க்கலாம்ங்க” என்றே பதில் வந்தது. அவர் வாயில் இல்லாத சம்மதத்தை எழுத மனம் வரவில்லை. “சனிக்கிழமை பற்றி இன்னும் முடிவாகவில்லை, முடிவாகும் வரை அது விடுமுறை” என்று பக்கத்தின் அடியில் எழுதி, அவருக்கே முதலில் அனுப்பினேன். சில நிமிடங்களில் பதில் வந்தது: “ரொம்ப நன்றிங்க.”