எந்த ஊருக்கு எந்த எழுத்து?

திண்டுக்கல்லில் ஒரு கிளை, சென்னை வேளச்சேரியில் ஒரு கிளை என்று நடக்கும் வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு வாஷிங் மெஷின் விற்க வேண்டும். சின்ன ஊருக்குத் தமிழ், சென்னைக்கு ஆங்கிலம் என்று முதலாளி சட்டென்று சொல்லிவிடுவார். அதில் பாதிதான் சரி.

வேளச்சேரியிலும் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். ஆனால் பள்ளியில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்துப் படித்தவர்களுக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும். ஆகவே அவர்களுக்கு எஃப்.எம். விளம்பரம் தமிழில் இருக்கலாம். நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. திண்டுக்கல்லில் எல்லாம் தமிழ் எழுத்தில் வர வேண்டும், சொற்கள் மட்டும் கடையில் புழங்குகிறபடியே இருக்கட்டும். 'சலவை இயந்திரம்' என்று கேட்டு யாரும் கடைக்குள் வருவதில்லை. வாஷிங் மெஷின், எக்ஸ்சேஞ்ச், இஎம்ஐ என்றே போடலாம்.

சிக்கல் எஸ்எம்எஸ்ஸில் வரும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'தீபாவளி' நமக்கு நான்கு எழுத்து, கணக்கில் ஏழு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்குத் துண்டு காசு. இதற்குப் பயந்து பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். இளைஞர்கள் படித்துவிடுவார்கள். மெஷினுக்குப் பணம் கட்டப்போகிற அம்மாவோ எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். வாழ்த்தையும் அலங்காரத்தையும் வெட்டிவிட்டு, முன்பணம், பொருள், கடை இருக்கும் தெரு ஆகிய மூன்றை மட்டும் தமிழில் அனுப்புவதே மேல்.

இன்னொன்றில் எனக்குக் கோபமே உண்டு. 'முன்பணம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் தமிழில் போட்டுவிட்டு, அதற்கான நிபந்தனையைக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒளிப்பது. பஸ் ஏறி வந்தவருக்கு, குறிப்பிட்ட வங்கி அட்டை வேண்டும் என்பது கவுன்டரில்தான் தெரியவரும். சலுகை எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்று, தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன.

எந்த வாசகம் பலித்தது என்று அறிய, ஒவ்வொன்றிலும் வேறு போன் நம்பர் கொடுத்தால் போதும். அழைப்புகளின் எண்ணிக்கையைவிட, அழைத்தவர் என்ன கேட்கிறார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். "ஸ்டாக் இருக்கா?" என்றால் படித்துப் புரிந்துகொண்டுதான் கூப்பிடுகிறார். விளம்பரத்திலேயே போட்ட தொகையை, "முன்பணம் எவ்வளவுங்க?" என்று பலரும் கேட்டால், அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.