குளிர்ந்த குழாயில் வெந்நீர் வந்தால்

மருத்துவமனையில் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கிறார்கள். வெதுவெதுப்பாகும் அளவுக்கு ஆறவிட்டால் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் கிருமி குழாய்க்குள் பெருகும். ஆனால் அதே சூடு சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். உணர்வு மங்கிய நோயாளி கையை இழுத்துக்கொள்ளக்கூட மாட்டார். அதனால்தான் குளியலறைக் குழாயை ஒட்டி, வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் வால்வைப் பொருத்துகிறார்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில் இதற்கு டிஎம்வி3 தரச்சான்று கேட்கிறார்கள். அங்கே ஷவருக்கு உச்ச அளவு 41 டிகிரி, குளியல் தொட்டிக்கு 44.

வால்வு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, தண்ணீர் நின்றால் வெந்நீரும் நிற்குமா என்பதுதான். தண்ணீர்ப் பக்கத்தை மூடிப் பாருங்கள். சில நொடிகளில் ஓட்டம் அடங்க வேண்டும்.

இந்த வால்வுக்குள் இரண்டு குழாய்களும் சந்திக்கின்றன. ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் மறுபக்க நீர் அதற்குள் புகும். அதைத் தடுப்பவை இரு நுழைவாயில்களிலும் உள்ள ஒருவழி வால்வுகள். சுண்ணாம்புப் படிவு அடைத்தால் அவை முழுதாக மூடாது. வெந்நீர் கசிந்து தண்ணீர்க் குழாய் வெதுவெதுப்பாகும். கிருமிக்கு அதுவே பிடித்த சூடு.

இதைக் கண்டுபிடிக்க, தண்ணீர் அடைப்பானை மூடி, அந்தப் பக்க இணைப்பைக் கழற்றுங்கள். அங்கிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் ஒருவழி வால்வை மாற்றியே ஆகவேண்டும்.

மலச்சட்டி கழுவும் இடத்துக்கு மட்டும் இது போதாது. அங்கே குழாய் வாய்க்கும் அழுக்கு நீருக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தே ஆகவேண்டும்.