புகார் மேசைக்கும் பொறியாளர் பலகைக்கும் நடுவே

கடைகளுக்கு பில் போட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடி கொடுத்த பில்லில் வரித்தொகை தவறாக அச்சாகிறது. காலையிலேயே 12 கடைக்காரர்கள் உதவி மையத்துக்கு எழுதிவிட்டார்கள். அங்கே அவை 12 டிக்கெட்டுகள். பொறியாளர்களுக்கோ அது ஒரே ஒரு பிழை.

இந்த இரு தரப்பும் வேலை செய்யும் இடங்கள் வேறு வேறு. உதவி மையத்தில் ஃப்ரெஷ்டெஸ்க் இருக்கலாம். 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. பொறியாளர்கள் பக்கம் ஜிரா இருக்கலாம். ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் 2002இல் வெளியிட்ட மென்பொருள். வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் ஜிராவைத் திறப்பதில்லை, பிழை திருத்துகிறவர் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் திறப்பதில்லை. அதனால் நடுவே ஓர் இணைப்பு நிரலை வைக்கிறார்கள். ஒரு பக்கம் நிலை மாறினாலோ யாராவது குறிப்பு எழுதினாலோ, அந்தச் செய்தி ‘வெப்ஹுக்’ என்ற தானியங்கி அறிவிப்பாக இணைப்பு நிரலுக்கு வரும். நிரல் அதை மறுபக்கத்தில் பதியும்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு, இயக்கிய சில நிமிடங்களிலேயே தடுமாறலாம். பொறியாளர் ஜிராவில், “வரிக் கணக்கில் பிழை தெரிந்துவிட்டது, திருத்துகிறோம்” என்று ஒரு குறிப்பு எழுதுகிறார். நிரல் அதை 12 டிக்கெட்டுகளிலும் போடுகிறது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் புதிய குறிப்பு விழுந்ததாக ஃப்ரெஷ்டெஸ்க் அறிவிக்கிறது. அது தான் போட்டதுதான் என்று நிரலுக்குத் தெரியாது. 12 குறிப்புகளையும் ஜிராவுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பன்னிரண்டும் மறுபடி 12 டிக்கெட்டுகளுக்குப் போனால், அடுத்த சுற்றில் 144 குறிப்புகள்.

நிலைக்கும் குறிப்புக்கும் உள்ள வேறுபாடுதான் இதற்குக் காரணம். ஏற்கெனவே Pending என்று இருக்கும் டிக்கெட்டை மறுபடி Pending ஆக்கினால் எதுவும் மாறாது. பழையதன் மேல் அதுவே எழுதப்படும். குறிப்பு அப்படியல்ல. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒவ்வொரு குறிப்பும் எங்கே பிறந்தது என்பதை நிரல் நினைவில் வைத்தாக வேண்டும்.

முதல் தடுப்பு எளிது. இரு பக்கமும் நிரலுக்கென்று தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அந்தக் கணக்கு எழுதியதாக வரும் அறிவிப்புகளை நிரல் புறக்கணிக்க வேண்டும். பலர் இங்கே ஒரு சிக்கனம் செய்கிறார்கள். ஃப்ரெஷ்டெஸ்க்கில் ஏபிஐ சாவி என்பது ஓர் ஊழியரின் கணக்கோடு சேர்ந்தது. தனிக் கணக்கு எதற்கு என்று, வேலையில் இருக்கும் ஒருவரின் சாவியையே நிரலுக்குக் கொடுத்துவிடுவார்கள். எதிரொலி நின்றுவிடும், கூடவே அந்த ஊழியர் தன் கையால் எழுதும் குறிப்புகளும் ஜிராவுக்குப் போகாமல் நின்றுவிடும். ஒரே ஒருவருடைய குறிப்புகள் மட்டும் மறுபக்கம் போய்ச் சேரவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது அவருடைய சாவி எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

எதிரொலி நின்ற பிறகும் சில குறிப்புகள் இரண்டிரண்டாகத் தோன்றலாம். இது வேறு நோய். வெப்ஹுக்கைப் பெற்றுக்கொண்டதாக நிரலிடமிருந்து பதில் வராவிட்டால் ஜிரா அதே அறிவிப்பை மறுபடி அனுப்பும். நிரல் முதல் அறிவிப்பை வைத்தே வேலையை முடித்திருந்து, பதில் சொல்ல மட்டும் தாமதித்திருந்தால், இரண்டாவது அறிவிப்பு இரண்டாவது குறிப்பாகிவிடும். ஜிரா கிளவுடில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. X-Atlassian-Webhook-Identifier என்ற தலைப்பில் வரும் எண், மறு அனுப்புதலிலும் மாறாமல் அப்படியே இருக்கும். பார்த்த எண் மீண்டும் வந்தால் நிரல் அதை விட்டுவிடலாம்.

நிரல் ஃப்ரெஷ்டெஸ்க்கில் குறிப்பைப் போட்டு, ‘பதிந்துவிட்டேன்’ என்ற பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் ஒரு பேரேடு தேவைப்படுகிறது. ஜிராவின் 40712ஆம் குறிப்பு 318ஆம் டிக்கெட்டுக்குப் போகிறது என்றால், அனுப்புவதற்கு முன்பே அந்த வரியை எழுதி ‘அனுப்பப்படுகிறது’ என்று குறித்துவைக்க வேண்டும். அதே மூலக் குறிப்பு அதே டிக்கெட்டுக்கு என்று இன்னொரு வரி வந்தால் தரவுத்தளமே மறுக்கும்படி தனித்தன்மை விதியும் போட வேண்டும். பதில் வந்ததும் மறுபக்கக் குறிப்பின் எண்ணை அதே வரியில் சேர்த்துக்கொள்ளலாம். வரி பாதியில் நின்றிருந்தால் உடனே மறுபடி அனுப்பக் கூடாது. டிக்கெட்டைத் திறந்து, குறிப்பின் அடியில் போட்டுவைத்த 40712 என்ற மூல எண் இருக்கிறதா என்று தேடி, இல்லாதபோது மட்டுமே அனுப்ப வேண்டும்.

இரண்டு நோய்களையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். ஒரே வாசகம் இரண்டு முறை இருந்தால் அது மறு அனுப்புதல். ‘ஜிராவிலிருந்து: ஃப்ரெஷ்டெஸ்க்கிலிருந்து: ஜிராவிலிருந்து’ என்று முன்னொட்டுகள் அடுக்கடுக்காக நீண்டால் அது எதிரொலி.

அந்தப் பேரேடு திருத்தத்துக்கும் உதவும். பொறியாளர் தன் குறிப்பில் ஒரு சொல்லை மாற்றினால், புதிய குறிப்பு போடாமல், பேரேட்டில் உள்ள எண்ணை வைத்துப் பழைய குறிப்பையே மாற்றலாம். ஆனால் அது உள்குறிப்பாகப் பதிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலாகப் போன பதிலைத் திரும்ப வாங்க முடியாது. பொறியாளர்கள் தங்களுக்குள் பேசுவது கடைக்காரரின் அஞ்சல்பெட்டிக்குப் போகாமல் இருக்கவும் இதுவே வழி.

இனி நிலை. ஃப்ரெஷ்டெஸ்க்கில் இயல்பாக Open, Pending, Resolved, Closed என்று நான்கு நிலைகள் உண்டு. ஜிராவில் ஒவ்வொரு குழுவும் தன் நிலைகளைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆயினும் எல்லாமே To Do, In Progress, Done என்ற மூன்று வகைகளுக்குள் அடங்கும். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்க்கும்போதுதான் தவறு நேர்கிறது. பொறியாளர் Done என்று குறித்தால் நிரல்வரி திருத்தப்பட்டது என்று பொருள். புதிய பதிப்பு வியாழக்கிழமை வெளியாவதாக இருந்தால், செவ்வாயன்று கடைக்காரரின் பில்லில் இன்னும் பழைய தவறே அச்சாகும். அன்றைக்கே 12 டிக்கெட்டுகளும் Resolved ஆனால், 12 பேரும் கோபத்தோடு மறுபடி எழுதுவார்கள். Done ஆனதும் டிக்கெட்டில் ‘திருத்தம் தயார்’ என்று ஓர் உள்குறிப்பு போதும். பதிப்பு வெளியானதாக ஜிரா அறிவிக்கும்போது டிக்கெட்டை Open ஆக்கி ஊழியரின் பார்வைக்குக் கொண்டுவரலாம். அவர் கடைக்காரரிடம் சொல்லி, பில் சரியாக வருகிறதா என்று கேட்டுவிட்டு Resolved ஆக்குவார்.

எதிர்த் திசையில் நிலையை அனுப்பாமல் இருப்பதே நல்லது. தீர்ந்த டிக்கெட்டுக்கு ஒரு கடைக்காரர் “நன்றி” என்று பதில் எழுதினாலே அது மறுபடி திறந்துகொள்ளக்கூடும். அது ஜிராவுக்கும் போனால் முடிந்த வேலை மீண்டும் திறக்கும். மேலும் ஜிராவில் நிலையை நேரடியாக எழுத முடியாது. குழு வகுத்த பாதை வழியேதான் நகர்த்த முடியும். அந்தப் பாதை இல்லையென்றால் கோரிக்கை தோற்றுப்போகும்.

இணைப்பை எல்லோருக்கும் திறந்துவிடும் முன், சோதனைக்கென்று ஒரு பிழையும் 12 டிக்கெட்டுகளும் உருவாக்கிப் பாருங்கள். ஒரு குறிப்பு எழுதுங்கள், அதைத் திருத்துங்கள், அதே வெப்ஹுக்கை இரண்டாம் முறை அனுப்புங்கள், நிரலைப் பாதியில் நிறுத்தி மறுபடி இயக்குங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். ஜிராவில் ஒன்றும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒன்றுமாக மொத்தம் 13 குறிப்புகள்தான் இருக்க வேண்டும். 14 இருந்தால் இணைப்பைத் திறக்காதீர்கள்.