ஏழு நாள் இடைவெளி

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21 வெள்ளை, 7 பழுப்பு. கருத்தடை மருந்து இருப்பது வெள்ளையில் மட்டும்தான். பழுப்பு நிற மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து. ரத்தசோகைக்கு அது நல்லது என்றாலும், அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. தினம் ஒன்று போடும் பழக்கம் விட்டுப்போகாமல் அது பார்த்துக்கொள்கிறது.

வெள்ளை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இருவகை ஹார்மோன்கள் இருக்கின்றன. இவை ரத்தத்தில் இருக்கும்வரை மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களை அடக்கி வைக்கிறது. அதனால் அந்த மாதம் சினைமுட்டை முதிர்வதில்லை, வெளியேறுவதும் இல்லை. கருப்பைவாயில் சுரக்கும் கோழையும் தடித்துப்போவதால் விந்தணு உள்ளே நுழைவது கடினம். வெள்ளை மாத்திரைகள் தீர்ந்து இரண்டு மூன்று நாளில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிடாய் அல்ல. ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உட்சவ்வு உதிர்கிறது, அவ்வளவுதான்.

தவறாமல் சரியாகப் போட்டால் ஓராண்டில் 1,000 பெண்களில் 3 பேர் கருத்தரிப்பார்கள். ஆனால் நிஜ வாழ்க்கையில் போடுகிற விதத்தில் போட்டால் 100 பேரில் 7 பேர் கருத்தரிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட இந்தக் கணக்கைத்தான் உலகெங்கும் மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். மருந்து ஒன்றே, உடலும் ஒன்றே. பிறகு எங்கிருந்து வந்தது இருபது மடங்குக்கும் மேலான வித்தியாசம்? மறதியிலிருந்து என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்த நாளில் மறக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை கடைசிப் பழுப்பு மாத்திரையைப் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை புது அட்டையைத் தொடங்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்காக அம்மா வீட்டுக்குப் போனவர் அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டார். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் முதல் வெள்ளை மாத்திரையைப் போடுகிறார். "இப்போதுதானே தலைக்கு ஊற்றினேன், இரண்டு நாள்தானே தவறியது" என்று அவருக்கு ஒரு நிம்மதி. உண்மையில் மாதத்திலேயே மிக ஆபத்தான இரண்டு நாட்களைத்தான் அவர் தவறவிட்டிருக்கிறார்.

ஏழு நாள் மருந்தில்லாமல் போனதில் பிட்யூட்டரி விழித்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டத் தொடங்கியிருக்கும். சில பெண்களுக்கு ஏழாம் நாளுக்குள்ளேயே சினைமுட்டை உறை கணிசமாக வளர்ந்துவிடும். எட்டாம் நாள் மருந்து வந்தால் அந்த வளர்ச்சி அடங்கிவிடும். பத்தாம் நாள் வந்தால் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். மீண்டும் முழுப் பாதுகாப்பு வர, தொடர்ந்து ஏழு வெள்ளை மாத்திரைகள் தேவை. ஆகவே அவர் ஞாயிறு முதல் நாள்தோறும் மாத்திரையைத் தொடர வேண்டும், ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். அதற்கு முந்தைய சில நாட்களில் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி உடனே மருத்துவரிடம் கேட்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், முந்தினால் முந்தின அளவுக்குப் பலன். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்துவது அதைவிட உறுதியானது.

இதே பெண் அட்டையின் இரண்டாவது வாரத்தில் இரண்டு மாத்திரை தவறவிட்டிருந்தால் ஆபத்து மிகக் குறைவு. அதற்கு முன் போட்ட ஏழு மாத்திரைகள் சினைப்பையை ஏற்கெனவே அடக்கி வைத்திருக்கும். மூன்றாவது வாரத்தில் தவறினால் பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போகச் சொல்வார்கள். இடைவெளி நீளக் கூடாது என்பதே காரணம். ஒரே ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொண்டால் போதும், ஒரே நாளில் இரண்டு போட நேர்ந்தாலும் பரவாயில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். மற்றபடி வழக்கமான ஆன்டிபயாடிக்குகளால் பிரச்சினை இல்லை.

மற்ற வழிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் தெளிவு பிறக்கும். மனிதர் எவ்வளவு அதிகம் நினைவு வைக்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு அதிகம் தோல்வி. ஆணுறை நிஜப் பயன்பாட்டில் ஆண்டுக்கு 100-க்கு 13 பேரிடம் தோற்கிறது. பால்வினை நோயைத் தடுப்பதும் அது ஒன்றுதான் என்பதால் இதை வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது. அரசு 'அந்தரா' என்ற பெயரில் தரும் மூன்று மாத ஊசியில் தோல்வி 4. காப்பர்-டியில் 1-க்கும் குறைவு. அதில் ஹார்மோனே இல்லை. செம்பு அயனிகள் விந்தணுவைச் செயலிழக்கச் செய்கின்றன. மாதவிடாயில் உதிரப்போக்கும் வலியும் கூடுவதுதான் அதன் குறை. ஆணுக்கான அறுவை பெண்ணுக்கானதைவிட எளிது, மிக உறுதியும்கூட. ஆனாலும் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தாங்களே அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள் என்கிறது 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு. ஆண்களைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஹார்மோன் என்றாலே நம் வீடுகளில் பயம். மாத்திரை வயிற்றில் தங்கிவிடும், பிறகு குழந்தையே பிறக்காது என்பார்கள். மாத்திரை உடலில் தங்குவதில்லை, நிறுத்தியதும் முட்டை முதிர்வது விரைவிலேயே தொடங்கிவிடும். ஊசி மட்டும் விதிவிலக்கு. கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கச் சராசரியாக ஒன்பது, பத்து மாதம் பிடிக்கும். அடுத்த குழந்தைக்குத் தேதி குறித்திருப்பவர்களுக்கு ஊசி பொருந்தாது. எடை கூடும் என்ற புகாரும் ஊசியைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. மாத்திரையில் பெரிய அளவு எடை கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

உண்மையான ஆபத்து ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைவது. அதைச் சொல்கிற விதத்தில் எவ்வளவு கேடு விளையலாம் என்பதற்கு 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்தது ஒரு பாடம். புதிய வகை மாத்திரைகளால் ரத்த உறைவு ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. ஏராளமான பெண்கள் பாதி அட்டையிலேயே நிறுத்தினார்கள். இரண்டு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் 7,000 பெண்களில் ஒருவராக இருந்தது இருவராகியது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடின என்று மதிப்பிடப்பட்டது. இதில் வேதனை என்னவென்றால், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிட அதிகம், பிரசவமான சில வாரங்களில் இன்னும் பல மடங்கு அதிகம்.

அதற்காக யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர், மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர், 35 வயதைத் தாண்டியும் புகைபிடிப்பவர், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஆகாது. ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணுக்குள் மின்னல்கோடு போல் வளைந்து வளைந்து ஒளி தெரிபவர்களுக்கும் கூடாது, அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடும். அட்டையைத் தருமுன் ரத்த அழுத்தம் பார்த்து, தலைவலியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாக இருக்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம். மாத்திரை போடத் தொடங்கிய பின் ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, அடுத்த மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.