கீமோவின் அசதியா, மனதின் சோர்வா?

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸி சொல்லி இரண்டு மாதமான ஒரு பள்ளி ஆசிரியையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வயது 45. இரண்டு கீமோ முடிந்திருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, எழுந்து நடந்தாலே அசதி. ரிப்போர்ட்டை நாளுக்குப் பத்து முறை எடுத்துப் பார்க்கிறார். "இது டிப்ரஷன்தான்" என்கிறார் கணவர். "கேன்சர்னா யாருக்குத்தான் கவலை வராது, தன்னால சரியாயிடும்" என்கிறார் மாமியார். இரண்டுமே அவசர முடிவுகள்.

மனநல மருத்துவர் பசி, தூக்கம், அசதி மூன்றையும் முதலில் தனியாக எடுத்து வைப்பார். கீமோவே பசியைக் கெடுக்கும். வாந்தியைத் தடுக்க அதோடு தரும் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பரிசோதிப்பார். இவற்றை அப்படியே மனநோயின் கணக்கில் சேர்த்தால் புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்கு டிப்ரஷன் என்று எழுத வேண்டியிருக்கும்.

அதனால் அவர் கேட்பது வேறு. பிடித்த விஷயம் இன்னும் பிடிக்கிறதா? நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லாருக்கும் பாரம் என்று தோன்றுகிறதா? ஆசிரியை சொல்கிறார்: தங்கை மகன் வந்தால் சிரித்து விளையாடுகிறேன், ஸ்கேனுக்கு முந்தைய இரவு மட்டும் நெஞ்சு படபடக்கிறது, நோயைத் தவிர வேறு நினைப்பே ஓடுவதில்லை. டிப்ரஷன் என்றால் அநேகமாக நாள் முழுக்க, தினமும், இரண்டு வாரமாவது மனம் இருண்டிருக்கும், அல்லது எதிலுமே ஆர்வம் அற்றுப்போயிருக்கும். இவருக்கு அப்படி இல்லை.

அப்படியானால் இயல்பான வருத்தம்தானா? இங்கேதான் கணவர் ஒன்றைச் சொல்கிறார்: பயத்தில் மூன்றாவது கீமோவுக்கே போகவில்லை, போனையும் எடுப்பதில்லை. அழுகை மட்டும் இருந்தால் நோய் என்று சொல்லத் தேவையில்லை. சிகிச்சையையே நிறுத்துமளவுக்கு வாழ்க்கை முடங்கியதால்தான் இது அட்ஜஸ்ட்மெண்ட் டிஸ்ஆர்டர் ஆகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டி.எஸ்.எம்., பாதிப்பு நேர்ந்த 3 மாதத்துக்குள் இது தொடங்கியிருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் தொடங்கும் என்கிறது. காரணம் நீங்கியபின் 6 மாதத்துக்குள் அடங்கிவிடும் என்பதும் விதி. ஆனால் புற்றுநோய் சிகிச்சை ஒரு வருடம்கூட இழுக்கும். அதுவரை காரணம் நீங்கவில்லையே! எனவே பயாப்ஸி நாளிலிருந்து 6 மாதம் எண்ணுவது தவறு.

இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. சில வாரத்துக்கொரு முறை மறுபடி பார்த்துத்தான் ஆக வேண்டும். டிப்ரஷனாக மாறினால் பெயரும் சிகிச்சையும் மாறும். இப்போதைக்கு ஆசிரியைக்குத் தேவை மாத்திரையைவிடப் பேச்சு: எது பயமுறுத்துகிறது என்று பிரித்துப் பார்ப்பது, புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போவது, தவறிய கீமோவுக்குப் புதிய தேதி வாங்குவது.

டிப்ரஷன் இல்லை என்றதும் குடும்பம் நிம்மதியாகிவிடக் கூடாது. இந்த நிலையிலும் தற்கொலை எண்ணம் வரும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.