எடையில் ஒளிந்த விலையேற்றம்

2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரிட்டனில் டோப்லரோன் சாக்லேட்டை வாங்கிப் பிரித்தவர்கள், மலைச் சிகரங்களைப் போல நெருங்கி நின்ற அதன் முக்கோணத் துண்டுகளுக்கு நடுவே அகன்ற பள்ளங்கள் விழுந்திருப்பதைக் கண்டு கோபங்கொண்டார்கள். பெட்டியின் அளவு மாறவில்லை, விலையும் இறங்கவில்லை, உள்ளேயிருந்த பண்டம் மட்டும் 400 கிராமிலிருந்து 360 கிராமாகக் குறைந்திருந்தது. மூலப்பொருள்களின் விலை உயர்ந்துவிட்டதே காரணம் என்று உற்பத்தியாளர் சமாதானம் கூறினார்.

குறைந்தது பத்து சதவிகிதந்தானே, ஆகவே விலையும் பத்து சதவிகிதமே ஏறியிருக்கும் என்று நினைப்பது சகஜம். ஆனால் கணிதம் அவ்விதம் சொல்லவில்லை. முன்பு கொடுத்த அதே பணத்துக்கு இப்போது 360 கிராமே கிடைக்கிறதாகையால், பழைய 400 கிராமைப் பெற விரும்புகிறவர் மேற்கொண்டு 40 கிராமுக்குப் பணம் தர வேண்டும். அந்த நாற்பது, முந்நூற்று அறுபதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 11.1 சதவிகிதம். குறைவைப் பழைய எடையைக் கொண்டும், விலையேற்றத்தைக் கைக்கு வந்த புதிய எடையைக் கொண்டும் அளக்க வேண்டியிருப்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். எடை இருபது சதவிகிதம் குறைந்தால் விலையேற்றம் இருபத்தைந்து. எடை பாதியானால் விலை இரட்டிப்பு.

நம் இந்தியாவில் பிஸ்கட், தேயிலை முதலிய சில பண்டங்களைக் குறிப்பிட்ட எடைகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்றிருந்த நிர்ப்பந்தம் 2022-இல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலங்களில் ஒரு கிராமின் விலையை அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல விதிதான், எனினும் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த விலையை ரூபாயில் இரண்டு தசம ஸ்தானங்களுக்குச் சுருக்கி எழுதுகிறார்கள். ஐந்து ரூபாய்க்கு 90 கிராம் கொண்ட ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம்: கிராமின் விலை 0.0556 ரூபாய்; அச்சில் 0.06. அதே ஐந்து ரூபாய்ப் பொட்டலம் 80 கிராமாகச் சுருங்கினால் விலை 0.0625, அச்சிலோ மறுபடியும் 0.06 தான்! பன்னிரண்டரை சதவிகித விலையேற்றம் நிகழ்ந்தும், அதைக் காட்டுவதற்கென்றே அச்சிட்ட எண் அணுவளவும் அசைவதில்லை. ஏழை எளியவர்கள் தினந்தோறும் வாங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களிலேயே இந்தப் பிழை பெரிதாகிறது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

விலையை நூறால் பெருக்கி எடையால் வகுத்தால் நூறு கிராமின் விலை வந்துவிடும்: 90 கிராம் பொட்டலத்துக்கு 5.56 ரூபாய், 80 கிராம் பொட்டலத்துக்கு 6.25. இந்த எண்ணையே பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்று விதியைத் திருத்துவதில் சிரமம் ஒன்றுமில்லை. அதிகாரிகள் அதைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும்.