ரோபோவுக்குத் தரை எது?

வீட்டுக்குள் உருண்டு போகும் ஒரு ரோபோ, வழியில் கிடப்பது செருப்பா, பையா, நாற்காலிக் காலா என்று அடையாளம் காண வேண்டியதில்லை. எது தரை என்று சரியாகத் தெரிந்தால் அதற்குப் போதும். தரையிலிருந்து மேலே துருத்திக்கொண்டிருப்பது எல்லாம் தடை, கீழே இறங்குவது எல்லாம் பள்ளம். சொல்லும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலையில்தான் ரோபோ கட்டுகிறவர்களின் நேரம் அதிகமாகச் செலவாகிறது. ரோபோ நகரும்போதும் குலுங்கும்போதும் அதன் பார்வையில் தரையும் சாய்ந்துகொண்டே இருப்பதால், அதை ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் போதாது. ஒவ்வொரு படத்திலும் புதிதாகத் தேட வேண்டும்.

பல ரோபோக்கள் சுழலும் லேசர் கருவியை நம்பி ஓடுகின்றன. அது துல்லியமானது, ஆனால் தான் பொருத்தப்பட்ட உயரத்தில் மட்டுமே பார்க்கும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் லேசருக்கு ஒரு மேசை என்பது வெறும் நான்கு கால்கள். மேசைப் பலகையும் தெரியாது, கீழே கிடக்கும் புத்தகப் பையும் தெரியாது. கால்களுக்கு நடுவே வழி இருக்கிறது என்று நம்பி உயரமான ரோபோ உள்ளே நுழைந்தால் தலை இடிக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கும் கருவி விளையாட்டு உலகத்திலிருந்து வந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்காக கினெக்ட் என்ற கேமராவை அமெரிக்காவில் 150 டாலர் விலையில் விற்பனைக்கு விட்டது. அதில் தூரத்தை அளக்கும் நுட்பம் இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்துடையது. விற்பனை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஹெக்டர் மார்ட்டின் என்ற நிரலாளர் அதைச் சாதாரணக் கணினியில் இயக்கும் திறந்த மென்பொருளை வெளியிட்டார். அதன் பிறகு ஆய்வகங்கள் கினெக்டை வாங்கிக் குவித்தன. கலிபோர்னியாவின் வில்லோ கராஜ் ஆய்வகத்தில் மெலனி வைஸும் டல்லி ஃபூட்டும் ஒரு துப்புரவு ரோபோவின் அடிப்பாகத்தில் கினெக்டை ஏற்றி டர்ட்டில்பாட் என்ற ரோபோவை உருவாக்கினார்கள். உலகெங்கும் மாணவர்கள் ரோபோ நிரலாக்கம் கற்றுக்கொண்டது இதில்தான்.

கினெக்ட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளிக்கிறது. புள்ளிகளை வீசும் விளக்குக்கு ஏழரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கேமரா அவற்றைப் படம்பிடிக்கிறது. மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டிக்கொண்டு கண்களை மாறி மாறி மூடினால் விரல் இடம் மாறித் தெரியும். விரல் அருகில் வர வர அந்த மாற்றம் கூடும். அதைப் போலவே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் தூரத்தைக் கருவி கணக்கிடுகிறது. இப்படிக் கிடைக்கும் படத்தின் ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதிலாகத் தூரம் பதிவாகியிருக்கும். இதனால்தான் இதற்கு டெப்த் கேமரா என்று பெயர்.

அந்தத் தூரப்படத்தை அறையின் முப்பரிமாண வடிவமாக மாற்ற இரண்டே வரிக் கணக்குப் போதும். 640 பிக்சல் அகலமும் 480 பிக்சல் உயரமும் கொண்ட படத்தின் நடுப்புள்ளி (320, 240). கினெக்ட் லென்ஸின் குவியத் தூரம் பிக்சல் அளவில் சுமார் 580. படத்தில் u, v என்ற இடத்தில் Z தூரம் பதிவாகியிருந்தால்:

```
X = (u - 320) * Z / 580
Y = (v - 240) * Z / 580
```

X என்பது கேமராவின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டு விலகல், Y என்பது கீழ்நோக்கிய விலகல். எல்லாப் பிக்சல்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் ஒரே படத்திலிருந்து மூன்று லட்சம் புள்ளிகள் வரை வெளியில் மிதக்கும். பாயிண்ட் கிளவுட், அதாவது புள்ளி மேகம், என்பது இதுதான்.

ஒரு பிக்சலை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். கேமரா தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில், 20 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கிறது. படத்தின் (436, 400) என்ற இடத்தில் 0.665 மீட்டர் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டால் X 13.3 சென்டிமீட்டர், Y 18.3 சென்டிமீட்டர். கேமராவின் சாய்வைக் கழித்துவிட்டு, இந்தப் புள்ளி கேமராவுக்கு நேர்கீழாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

```
H = Y * cos(20°) + Z * sin(20°)
```

விடை 40 சென்டிமீட்டர். கேமராவின் உயரமும் அதேதான் என்பதால் இந்தப் புள்ளி தரையில் இருக்கிறது. அதே பிக்சலில் 0.60 மீட்டர் பதிவாகியிருந்தால் H சுமார் 36 சென்டிமீட்டராகக் குறையும். அதாவது தரைக்கு மேல் 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஏதோ ஒன்று நிற்கிறது. 0.75 மீட்டர் என்று வந்தால் தரைக்குக் கீழே 5 சென்டிமீட்டர். அங்கே படி இறங்குகிறது என்று பொருள். தடைகளைத் தவிர்க்கும் வேலை முழுவதும் இந்த ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது.

இதில் ஓர் அனுமானம் இருக்கிறது. சாய்வு 20 டிகிரி என்பது எப்போதும் உண்மையாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் அது இருப்பதில்லை. ரோபோ பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழும், மிதியடி மேல் ஏறினால் முன்பக்கம் நிமிரும். சாய்வு ஒரே ஒரு டிகிரி பிசகினாலும், 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் தரை 5 சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ தெரியும். வெற்றுத் தரையில் ரோபோ திடீரென்று நின்று தயங்குவதைப் பார்த்தால் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். திரையில் புள்ளி மேகத்தைத் திறந்து பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: தரை படுக்கையாக இல்லாமல், தூரம் போகப் போக ஒரே சீராக மேலேறும். அளவைப் பிழையாக இருந்தால் புள்ளிகள் மேலும் கீழும் சிதறும். சாய்வுப் பிழையில் அவை ஒழுங்காக, நேர்கோட்டில் ஏறும்.

அதனால் சாய்வை நம்பாமல், புள்ளிகளிலிருந்தே தரையைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பெரிதும் பயன்படும் முறை ரேன்சாக். மார்ட்டின் ஃபிஷ்லர், ராபர்ட் போல்ஸ் என்ற இருவர் 1981இல் வெளியிட்டது. மேகத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று புள்ளிகளை எடுக்க வேண்டும். மூன்று புள்ளிகள் கிடைத்தால் அவற்றின் வழியே ஒரு தளம் வரையலாம். அந்தத் தளத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்குள் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ண வேண்டும். பிறகு வேறு மூன்று புள்ளிகளை எடுத்து மீண்டும் எண்ண வேண்டும். பல முறை செய்தபின், அதிகப் புள்ளிகளைத் திரட்டிய தளம் வெல்லும். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நாற்காலியும் சுவரும் தரையைத் தம் பக்கம் இழுத்துவிடும். ரேன்சாக்கில் அவற்றால் அப்படி இழுக்க முடியாது.

எத்தனை முறை செய்வது? மேகத்தில் 40 சதவீதம் தரை என்றால், எடுத்த மூன்றுமே தரைப் புள்ளிகளாக அமையும் வாய்ப்பு 6.4 சதவீதம். 70 முறை முயன்றால், ஒரு முறையாவது அது அமையும் என்று 99 சதவீதம் நம்பலாம். கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். ஆனால் ரோபோ ஒரு கட்டிலை நெருங்கி நின்று, பார்வையில் 10 சதவீதம்தான் தரை என்றால் அதே நம்பிக்கைக்கு 4,600 முறை முயல வேண்டும். அப்போதும் வெல்வது தரையாக இருக்காது, கட்டிலின் பக்கப் பலகையாகத்தான் இருக்கும். ரேன்சாக் தருவது பெரிய தளத்தை. அது தரைதானா என்று அதற்குத் தெரியாது.

ஆகவே மூன்று காவல்களை வைக்கிறார்கள். முதலில், தரை இருக்கக்கூடிய உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மேலும் கீழும் உள்ள புள்ளிகளை மட்டும் தேடலுக்கு அனுப்புகிறார்கள். சுவரின் பெரும்பகுதி இங்கேயே கழிந்துவிடும். அடுத்து, கிடைத்த தளம் ஏறக்குறைய படுக்கையாக இருக்கிறதா, கேமராவுக்குக் கீழே ஏறக்குறைய 40 சென்டிமீட்டரில் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மேசைப் பலகையும் படுக்கைத் தளம்தான் என்றாலும் உயரம் அதைக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, புதிய தளம் முந்தைய படத்தின் தளத்திலிருந்து திடீரென்று விலகினால் அதை ஏற்காமல் பழையதையே சிறிது நேரம் வைத்துக்கொள்கிறார்கள்.

தரை கிடைத்ததும் மற்றது வேகமாக நடக்கிறது. தரைக்கு மேல் 3 சென்டிமீட்டரிலிருந்து ரோபோவின் உச்சி வரை உள்ள புள்ளிகள் தடைகள். அவற்றை ஐந்து சென்டிமீட்டர் கட்டங்கள் கொண்ட தரை வரைபடத்தில் குறித்துவிட்டு, ரோபோ அந்தக் கட்டங்களைச் சுற்றிப் போகிறது. குறித்ததை உடனே அழித்துவிடக் கூடாது. மேலே சொன்ன கேமராவால் ரோபோவுக்கு முன்னால் 44 சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்கும் தரையைப் பார்க்க முடியாது. தூரத்தில் தெரிந்த செருப்பு, அருகில் வந்ததும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். ஆகவே அந்தக் கட்டத்தில் வெறும் தரையைக் கேமரா மறுபடி நேரில் கண்டால் ஒழிய, தடை அங்கேயே இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

பளபளக்கும் கிரானைட் தரை வேறு விதமான சிக்கல். அதில் விளக்கோ சுவரோ பிரதிபலித்தால், பிரதிபிம்பத்தின் தூரத்தைக் கேமரா பதிந்துவிடும். தரைக்குக் கீழே ஒரு பள்ளம் இருப்பது போல் புள்ளிகள் விழும். உண்மையான படியில் பள்ளத்தின் விளிம்பு நேர்கோடாக, ரோபோ நகர்ந்தாலும் அதே இடத்தில் நிற்கும். பிரதிபலிப்பில் பள்ளம் திட்டுத்திட்டாகத் தெரிந்து, ரோபோ நகர நகரத் தானும் நகரும். கண்ணாடிக் கதவும் நேரடி வெயிலும் இன்னும் மோசம்; அங்கே பெரும்பாலும் தூரமே பதிவாகாது, பிக்சலில் சுழியம் இருக்கும். சுழியம் என்றால் வழி காலியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் நிரல், ரோபோவைக் கண்ணாடியில் மோதவிடும். தெரியாத இடத்தை ‘தெரியாது’ என்றே தனியாகக் குறிக்க வேண்டும்.

மூன்று சென்டிமீட்டர் என்ற எல்லைக்கும் ஒரு விலை உண்டு. தரையில் கிடக்கும் மின்கம்பியும் பென்சிலும் அதற்குக் கீழே போய்விடுகின்றன. எல்லையை ஒரு சென்டிமீட்டராகக் குறைத்தால், அளவைச் சிதறலால் வெறுந்தரையிலேயே பொய்த் தடைகள் முளைக்கும். எல்லையை எங்கே வைப்பது என்பதை, உயரம் தெரிந்த மரக்கட்டைகளை 1, 2, 3 மீட்டர் தூரங்களில் வைத்து, எது எதுவரை தெரிகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். டர்ட்டில்பாட்டின் அடிப்பாகத்தில் துப்புரவு ரோபோவுக்கே உரிய மோதல் உணரியும் படி விளிம்பு உணரியும் இருந்தன. கேமரா ஏறிய பின்னும் அவற்றை யாரும் கழற்றவில்லை.